ஒரே வாரத்தில் இரண்டு இன்டர்வியூ: எந்த எச்.ஆரிடம் எதை, எப்போது சொல்வது?

ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனி இன்டர்வியூ வந்திருக்கு. இவங்ககிட்ட அவங்களைப் பற்றிச் சொல்லணுமா, வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

தேதியைச் சொல்லுங்கள், கம்பெனிப் பெயர் வேண்டாம்.

நான் சென்னையில் எட்டு வருஷம் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்தவன், முதல் மூன்று வருஷம் கன்சல்டன்சியில், அப்புறம் ஒரு கம்பெனியின் எச்.ஆர். டீமில். எங்கள் எல்லோரிடமும் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும், ஆளுக்கு ஒரு வரி. இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், கடைசி வேலை நாள் எது, அதை அடுத்து "வேறு எங்காவது இன்டர்வியூ போகிறாரா" என்று ஒரு கட்டம். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள், நாங்களே ஊகித்து "ஆம்" என்று போட்டுவிடுவோம். வேலை தேடுகிறவர் ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் போவார் என்று எந்த ரெக்ரூட்டரும் நம்புவதில்லை. எங்களுக்குத் தெரியாமல் இருந்தது எப்போதுமே ஒரு விஷயம்தான்: அந்த இன்னொரு கம்பெனி எந்தத் தேதியில் முடிவு சொல்லப்போகிறது என்பது. அதைத் தெரிந்துகொண்டால் பேனலை முன்னால் தள்ளலாமா, மேனேஜரைப் பிடித்து ஒரு மணி நேரம் வாங்கலாமா என்று பார்க்க முடியும். அந்தத் தேதி தெரியாவிட்டால் உங்கள் பெயர் வரிசையில் அதன் இடத்திலேயே நிற்கும்.

எப்போ சொல்றது? முதல் போன் காலிலேயேவா?

முதல் கால் என்பது உங்கள் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு "இன்ட்ரஸ்டா இருக்கீங்களா" என்று கேட்கிற ஐந்து நிமிஷம். அதில் அவர்களாகக் கேட்டால் "ஆமாம், வேறு ஒன்றிரண்டு இடத்திலும் போய்க்கொண்டிருக்கிறது" என்று சொன்னால் போதும், கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை.

இன்டர்வியூ ஸ்லாட்டை உறுதி செய்யும்போதுதான் சொல்ல வேண்டும். செவ்வாய் 11 மணிக்கு வரமுடியுமா என்று கேட்கிறார்கள், வருகிறேன் என்று பதில் போடுகிறீர்கள், அந்தப் பதிலிலேயே இதையும் எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் ரெக்ரூட்டரின் முன்னால் பேனல் காலண்டர் திறந்திருக்கும், எதையாவது மாற்ற முடியும் என்றால் அப்போதுதான் முடியும். ஆஃபர் கைக்கு வந்த பிறகு "எனக்கு இன்னொரு இடத்தில் இரண்டு ரவுண்டு பாக்கி இருக்கிறது" என்று ஆரம்பித்தால் அது பேரம் போலத்தான் காதில் விழும். விஷயம் நூறு சதவீதம் உண்மையாக இருந்தாலும் அப்படித்தான்.

சொன்னா "இவன் வேற இடத்துக்குப் போயிடுவான்"னு கழட்டி விட்டுட மாட்டாங்களா?

சில இடங்களில் நடக்கும், மறைக்க மாட்டேன். ஒரே வேலைக்கு பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, அவசரமாக அடுத்த திங்களே ஆள் வேண்டும் என்று கிளையன்ட் குதிக்கும்போது, "முடிவு சொல்ல ஒரு வாரம் ஆகும்" என்பவரைக் கீழே தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆஃபர் கொடுத்து 24 மணி நேரத்தில் கையெழுத்துக் கேட்டிருப்பார்கள், நீங்கள் அங்கே மாட்டியிருப்பீர்கள்.

மற்ற இடங்களில் பலன் எதிர்த்திசையில் இருக்கும். ஒரு ரெக்ரூட்டரை மேலிடம் அளப்பது எத்தனை ஆஃபர் கொடுத்தார் என்பதை வைத்து மட்டும் இல்லை, ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்ந்தார்கள் என்பதை வைத்தும்தான். சேருகிற அன்று காலையில் போனை எடுக்காமல் காணாமல் போகிறவர்தான் எங்களுக்குப் பெரிய அடி. புதன்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு புதன்கிழமை சொல்கிறவரோடு வேலை செய்வது சுலபம், பதில் "வேண்டாம்" என்றாலும் சரி.

என்னன்னு எழுதுறது? மெயிலா, வாட்ஸ்அப்பா?

ஸ்லாட் எதில் பேசினீர்களோ அதிலேயே. வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அங்கேயே போடுங்கள், ஆனால் ஆஃபர் வந்த பிறகு எதையும் மெயிலில் மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் "சரி, செவ்வாய் வரை டைம்" என்று சொன்ன ரெக்ரூட்டர் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டால், அவர் இடத்தில் பேசுகிறவருக்கு அது தெரியாது.

நீளமாக எழுத வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி:

"செவ்வாய் காலை 11 மணிக்கு வருகிறேன். ஒரு விஷயம், வேறொரு கம்பெனியிலும் இந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு ஒரு ரவுண்டு இருக்கிறது. இரண்டு இடத்திலும் பேசிவிட்டு 16ஆம் தேதிக்குள் முடிவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் இன்னும் எத்தனை ரவுண்டு, கடைசி ரவுண்டு முடிந்து லெட்டர் கைக்கு வர வழக்கமாக எத்தனை வேலை நாள் ஆகும் என்று சொன்னால் திட்டமிட வசதியாக இருக்கும்."

ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இதேதான். மன்னிப்புக் கேட்க வேண்டாம், "தவறாக நினைக்காதீர்கள்" வேண்டாம், உங்கள் கம்பெனிதான் என் கனவு என்ற பொய்யும் வேண்டாம். கடைசி வாக்கியத்தில் இருக்கும் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை விட்ட ஒருத்தியின் கதையைக் கீழே சொல்கிறேன்.

எந்தக் கம்பெனின்னு கேட்டா? சம்பளம் எவ்வளவு சொன்னாங்கன்னு கேட்டா?

கேட்பார்கள். நானே கேட்டிருக்கிறேன். பெயர் தெரிந்தால் அந்தக் கம்பெனி எவ்வளவு கொடுக்கும், எத்தனை நாளில் கொடுக்கும் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும், அதற்காகத்தான் கேட்பது. "ஒரு ப்ராடக்ட் கம்பெனி, கிண்டி பக்கம், பேர் சொல்ல வேண்டாமென்று பார்க்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் மேற்கொண்டு யாரும் நோண்ட மாட்டார்கள். சென்னையில் ரெக்ரூட்டர்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள், எனக்குத் தெரியாத கம்பெனியில் என் பழைய டீம் ஆள் ஒருவராவது இருப்பார். பெயர் சொன்னால் அது அங்கே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

சம்பளம் வேறு மாதிரி. ஆஃபர் வராத வரைக்கும் "இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை" என்பதே உண்மை, அதையே சொல்லுங்கள். ஆஃபர் வந்துவிட்டால் தொகையைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் சொன்னால் சரியான தொகையைச் சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்த வரியிலேயே "லெட்டரை அனுப்புங்க, அப்ரூவலுக்கு வைக்கணும்" என்று வந்து நிற்கும். மொத்த சி.டி.சி.யைச் சொல்கிறீர்களா, அதில் கையில் நிலையாக வருகிற பகுதியைச் சொல்கிறீர்களா என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். 14 லட்சம் என்று சொல்லிவிட்டு அதில் 2 லட்சம் வேரியபிள் என்று பிறகு தெரியவந்தால், நீங்கள் பொய் சொல்லாமலேயே பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

என்னைக் கூப்பிட்டது கன்சல்டன்சி ஆள். அவர்கிட்டயும் இதே மாதிரிதானா?

கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. கன்சல்டன்சிக்குப் பணம் வருவது நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான். பல ஒப்பந்தங்களில் அது உங்கள் ஒரு வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாசச் சம்பளம், அதுவும் நீங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் விட்டுப் போகாமல் இருந்தால். இந்தப் பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்து போவதில்லை, கம்பெனி கொடுப்பது (உங்களிடம் பணம் கேட்கிற கன்சல்டன்சி என்றால் போனை வைத்துவிடுங்கள், அது வேறு வியாபாரம்). ஆனால் இப்படிப் பணம் வருவதால், இன்னொரு கம்பெனி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தினமும் இரண்டு தடவை கூப்பிடுவார், "அந்தக் கம்பெனி இப்ப ஆளைக் குறைக்குது" என்பார், சில சமயம் உங்கள் தகவலைக் கம்பெனிக்குச் சொல்லாமலே அமுக்கிவிடுவார்.

அதனால் அவரிடம் சொல்லும்போது ஒன்று சேர்த்துக் கேளுங்கள்: "இந்தத் தேதியை அங்கே எச்.ஆருக்கும் மெயிலில் தெரிவித்துவிடுங்கள், என்னையும் காப்பியில் போடுங்கள்." ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால், பேனலில் உட்காருகிற அன்று கம்பெனி எச்.ஆர். கட்டாயம் ஒரு தடவையாவது வந்து பேசுவார், அப்போது நேரில் சொல்லிவிடலாம்.

இரண்டும் ஒரே நாள், கிட்டத்தட்ட ஒரே நேரம். ஒன்றைத் தள்ளிப்போட என்ன காரணம் சொல்றது?

பாட்டியை மறுபடியும் சாகடிக்காதீர்கள். எட்டு வருஷத்தில் நான் கேட்ட காரணங்களில் காய்ச்சலும் உறவினர் இறப்பும்தான் அதிகம். இரண்டாவது ரவுண்டில் "அன்றைக்குக் காய்ச்சல் என்றீர்களே, இப்போது பரவாயில்லையா" என்று பேனலில் யாராவது சாதாரணமாகக் கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும்.

"அந்த நேரத்தில் எனக்கு ஏற்கனவே உறுதி செய்த வேறொரு இன்டர்வியூ இருக்கிறது, புதன் காலை அல்லது வியாழன் 3 மணிக்குப் பிறகு முடியுமா?" இவ்வளவுதான். மாற்று நேரம் இரண்டு கொடுங்கள், பேனலைத் தேடும் வேலை பாதியாகக் குறையும். முதலில் எதை உறுதி செய்தீர்களோ அதை நகர்த்தாதீர்கள், பிடித்த கம்பெனி இரண்டாவதாக வந்திருந்தாலும்.

அப்புறம், நேரில் போகிற இன்டர்வியூவா வீடியோவா என்று பாருங்கள். சிறுசேரி சிப்காட்டில் 11 மணிக்கு வரச் சொன்னால் அது 12 மணிக்கு முடியாது. கேட்டில் பாஸ், லாபியில் காத்திருப்பு, முதல் பேனல், "இன்னொருத்தர் பார்க்கணும், இருங்க" என்று மதியம் 2 ஆகிவிடும். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் அங்கிருந்து கிண்டிக்கு வந்து சேரும் நேரத்தை நான் கணக்குப் போட்டுச் சொல்லப் போவதில்லை. ஒரு நாளில் நேரில் ஒன்றுதான்.

வேகமான கம்பெனி ஆஃபர் கொடுத்து இரண்டே நாள் டைம் சொல்லுது. பிடித்த கம்பெனி இன்னும் ரவுண்டே முடிக்கலை. என்ன செய்யறது?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். என் சித்தி மகளுக்கு நடந்ததை நாள்வாரியாகச் சொல்கிறேன், அவள் அனுமதியோடுதான். ஆறு வருஷ ஜாவா அனுபவம், 90 நாள் நோட்டீஸில் இருந்தாள், கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. ஜூலை 7ஆம் தேதி தொடங்கிய வாரத்தில் இரண்டு இன்டர்வியூ. சிறுசேரியில் ஒரு சர்வீஸ் கம்பெனி, கன்சல்டன்சி வழியாக, செவ்வாய்க்கிழமை கடைசி ரவுண்டு. கிண்டியில் ஒரு ப்ராடக்ட் கம்பெனி, நேரடி எச்.ஆர்., வியாழக்கிழமை முதல் டெக்னிக்கல் ரவுண்டு. மனசு கிண்டியில்.

திங்கட்கிழமையே இரண்டு பக்கமும் எழுதிவிட்டாள். கிண்டிக்கு: "வேறொரு இடத்தில் நாளை கடைசி ரவுண்டு, வார இறுதிக்குள் ஆஃபர் வரலாம், 16ஆம் தேதிக்குள் உங்கள் ரவுண்டுகள் முடியுமா?" சிறுசேரிக்கு: "வியாழன் வேறு இடத்தில் ஒரு ரவுண்டு, முடிவு 16ஆம் தேதிக்குள் சொல்வேன்." கிண்டி எச்.ஆர். நல்ல மனுஷி. மூன்று ரவுண்டை மூன்று வாரத்தில் வைக்கிற வழக்கத்தை மாற்றி, இரண்டு டெக்னிக்கல் ரவுண்டையும் வியாழக்கிழமையே அடுத்தடுத்து வைத்து, மேனேஜர் ரவுண்டை 14ஆம் தேதி திங்களுக்குப் பிடித்துக் கொடுத்தார். ஸ்லாட் போடும்போதே சொன்னதன் பலன் இது. வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை சிறுசேரி ஆஃபர் மெயிலில் வந்தது, ஞாயிறு இரவுக்குள் ஏற்க வேண்டும் என்று. அவள் புதன் மாலை வரை கேட்டாள், திங்களன்றே எழுதிய மெயிலுக்குக் கீழேயே பதிலாக. புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்தது. செவ்வாய் மாலை 6 மணி வரை கொடுத்தார்கள்.

டைம் கேட்பதில் ஒரு அபாயம் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 5இன்படி, நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும் வரை முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். அதாவது கையெழுத்துப் போடாத ஆஃபர் உங்களுக்குச் சொந்தமில்லை. டைம் கேட்டதற்காகவே ஆஃபரைப் பிடுங்கிய கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் வேலை நடுவில் ஹோல்டில் போய், ஆஃபரும் போனதைப் பார்த்திருக்கிறேன். கேட்கும் ஒவ்வொரு நாளும் அந்த அளவுக்கு ரிஸ்க்.

திங்கட்கிழமை கிண்டி மேனேஜர் ரவுண்டு நன்றாகப் போனது. மாலையில் எச்.ஆர். போனில் "செலக்ட் ஆயிட்டீங்க" என்றார். செவ்வாய் காலை 10 மணிக்கு இவள் கூப்பிட்டு, "இன்று மாலை 6 மணி எனக்குக் கெடு, அதற்குள் லெட்டரோ, தொகையும் சேரும் தேதியும் போட்ட ஒரு மெயிலோ கிடைக்குமா" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, லெட்டர் புதன்கிழமை மாலைதான் வரும். செலக்ட் ஆன பிறகு மூன்று மாச பே ஸ்லிப் வாங்க வேண்டும், சம்பளத்தை நிர்ணயிக்கிறவர் பார்க்க வேண்டும், பிறகு ஃபைனான்ஸ் அப்ரூவல், இதெல்லாம் எச்.ஆர். கையில் இல்லை. இன்டர்வியூ ஓடுவது ஒரு கடிகாரத்தில், லெட்டர் ஓடுவது இன்னொரு கடிகாரத்தில். முதல் கடிகாரத்தை ரெக்ரூட்டர் கெஞ்சிக் கூத்தாடி வேகமாக ஓட வைக்கலாம், இரண்டாவது பெரும்பாலும் அதன் போக்கில்தான் ஓடும். நான் பார்த்த கம்பெனிகளில் அது இரண்டு வேலை நாளிலிருந்து பத்து வேலை நாள் வரை.

சிறுசேரியிடம் புதன் இரவு வரை மறுபடி கேட்டாள், உள்ளதை உள்ளபடி சொல்லி. முடியாது என்றார்கள். 5.40க்கு சிறுசேரியை ஏற்றுக்கொண்டு மெயில் போட்டாள், அடுத்த பத்து நிமிஷத்தில் கிண்டிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். புதன் மாலை கிண்டி லெட்டர் எப்படியும் வந்தது, 1.8 லட்சம் அதிகம். வேண்டாம் என்றாள். எங்கள் சித்தப்பா இன்னும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.

அவள் வார்த்தை மாறாததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நேரம் பற்றிய கணக்கில்தான் பிழை, அதுவும் செவ்வாய்க்கிழமை நடந்த பிழை இல்லை, முந்தின திங்கட்கிழமை நடந்தது. "16ஆம் தேதிக்குள் ரவுண்டுகள் முடியுமா" என்று கேட்டாள், "16ஆம் தேதிக்குள் லெட்டர் வருமா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிண்டி எச்.ஆர். பே ஸ்லிப்பை வியாழக்கிழமையே வாங்கி வைத்திருப்பார், மேனேஜர் ரவுண்டுக்கு முன்பே சம்பளக் கணக்கை ஆரம்பித்திருப்பார். நான் இருந்த கம்பெனியில் அவசரமான ஆட்களுக்கு அப்படித்தான் செய்வோம், ஆனால் அவசரம் எந்த இடத்தில் என்று யாராவது சொல்ல வேண்டும்.

போனில் "செலக்ட் ஆயிட்டீங்க"ன்னு சொன்னா அதை நம்பி மற்றதை விட்டுடலாமா?

கூடாது. சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்பதால் இல்லை, அவருக்கே மேலே அப்ரூவல் வரவில்லை என்பதால். தொகையும் சேரும் தேதியும் எழுத்தில் வரும் வரை இன்னொரு கம்பெனியிடம் "எனக்கு ஆஃபர் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். "செலக்ட் ஆனதாகச் சொல்லியிருக்கிறார்கள், லெட்டர் இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள்.

கையில் ஆஃபர் இருக்குன்னு சும்மா ஒரு போடு போட்டா சீக்கிரம் நடக்குமே?

நடக்கும், லெட்டர் காப்பி கேட்கும் வரைக்கும். பல கம்பெனிகளில் போட்டி ஆஃபரை வைத்துச் சம்பளம் ஏற்ற வேண்டுமானால் அந்த லெட்டரை அப்ரூவல் மெயிலோடு இணைக்க வேண்டும், கதை அங்கே முடிந்துவிடும். எடிட் செய்த லெட்டர் அனுப்பி, பின்னணி சரிபார்ப்பில் மாட்டி, சேர்ந்த பிறகு வேலை போனவரை எனக்குத் தெரியும்.

இன்னொரு வகையிலும் கெடும். நீங்களாக உருவாக்கிய கெடு உங்களையே கட்டிப்போடும். "வெள்ளிக்கிழமைக்குள் அங்கே பதில் சொல்லணும்" என்று அடித்துவிட்டீர்கள், இவர்களால் வெள்ளிக்குள் முடியவில்லை, "சரிங்க, அதையே எடுத்துக்கோங்க, வாழ்த்துக்கள்" என்று விட்டுவிட்டார்கள். இப்போது என்ன செய்வீர்கள்? திங்கட்கிழமை கூப்பிட்டு "இல்லை, இன்னும் இருக்கேன்" என்பீர்களா? அப்படிக் கூப்பிட்டவர்கள் உண்டு. நாங்கள் மரியாதையாகத்தான் பேசுவோம், ஆனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

ஒன்றை ஏத்துக்கிட்டேன். அப்புறம்தான் மற்றது வந்துச்சு, அதுதான் நல்லா இருக்கு. மாறலாமா?

சென்னையில் இது தினமும் நடக்கிறது. மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை எல்லோரிடமும் "வரேன்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். 90 நாள் நோட்டீஸ் என்ற ஏற்பாடே இதை வளர்த்துவிட்டது, கம்பெனிகளும் நோட்டீஸ் நடுவில் ஆஃபரைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள், ஆக இரண்டு பக்கமும் கை சுத்தம் இல்லை. அதனால் நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை.

மாறுவதாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். முதலில் புது லெட்டரை எழுத்தில் வாங்கி, படித்து, ஏற்றுக்கொண்டு, பிறகு பழைய இடத்துக்குப் போன், உடனே ஒரு மெயில். சேர இன்னும் நான்கு வாரம் இருக்கும்போது சொன்னால் அவர்கள் அடுத்த ஆளைப் பிடிக்கலாம், சேருகிற அன்று காலையில் சொன்னால் முடியாது. ஆஃபரோடு ஏதாவது ஜாயினிங் போனஸோ, உங்கள் நோட்டீஸுக்கான பைஅவுட் பணமோ வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், லெட்டரில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அந்தக் கம்பெனி சில காலத்துக்கு உங்களை மறுபடி கூப்பிடாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் பேப்பரே போடலை. மூன்று மாச நோட்டீஸ். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்கு அவசரம் குறைவு, ஆனால் உங்களை எடுக்கிறவருக்கும் பிடி குறைவு. "90 நாள், இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை" என்பதை முதல் காலிலேயே சொல்லிவிடுங்கள், 60 என்று குறைத்துச் சொல்லிவிட்டு பிறகு "பேசிப் பார்க்கிறேன்" என்பது இன்டர்வியூ தேதியை மறைப்பதைவிட மோசம், ஏனென்றால் சேரும் தேதியே அதில்தான் நிற்கிறது. ஆஃபருக்கு ஒரு வாரம் டைம் கேட்பது உங்கள் நிலையில் இன்னும் எளிது, எப்படியும் மூன்று மாசம் காத்திருக்கப் போகிறவர்களுக்கு ஐந்து நாள் பெரிதில்லை. இதையே காரணமாகச் சொல்லலாம்.

எந்த லெட்டரும் எழுத்தில் வராமல் பேப்பர் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

வேண்டாம்னு முடிவு பண்ணின கம்பெனிக்கு என்ன சொல்லணும்? காரணம் கேட்பாங்களே?

போனில் சொல்லிவிட்டு ஒரு வரி மெயில். "வேறொரு ஆஃபரை ஏற்றுக்கொண்டேன், நீங்கள் ரவுண்டுகளை முன்னால் வைத்துக் கொடுத்ததற்கு நன்றி." காரணம் கேட்டால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், சம்பளமோ, தூரமோ, வேலையோ, எது உண்மையோ அது. அவர் ஷீட்டில் ஒரு கட்டம்தான் இருக்கிறது, அதை நிரப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுவார்.